எழுத்தில்லாமல் வந்த தீக்காயப் படம்: முதலில் என்ன சொல்வது, எதைக் கவனிப்பது

கேள்வி: என் தங்கை வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். அரை மணி நேரத்துக்கு முன்பு சமையலறையிலிருந்து ஒரு படம் மட்டும் அனுப்பினாள். வலது புறங்கை சிவந்திருக்கிறது, ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒரு கொப்புளம், மோதிரம் கழற்றாமல் இருக்கிறது. ஒரு வார்த்தை எழுதவில்லை, கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. படத்தை மட்டும் வைத்து நான் அவளுக்கு என்ன சொல்வது? எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும்?

பதில்:

முதலில் இதை அப்படியே அவளுக்கு அனுப்பிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

"மோதிரத்தை இப்பவே கழற்று. குழாயைத் திறந்து கையை ஓடும் தண்ணீரில் பிடி. 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. ஐஸ் வேண்டாம், எதையும் தடவாதே. கொப்புளத்தை உடைக்காதே."

தீக்காயப் பிரிவில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். இப்படி எழுத்தில்லாத படங்கள் எனக்கும் நிறைய வந்திருக்கின்றன. படம் வந்ததும் எல்லோரும் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து "ஆழமா, லேசா" என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த யோசனையில் பத்து நிமிடம் போய்விடுகிறது. மேலே சொன்ன முதலுதவி காயம் ஆழமோ லேசோ ஒன்றுதான். அதைச் சொல்ல, படத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அரை மணி நேரம் ஆகிவிட்டதே, இனி தண்ணீர் எதற்கு என்று தோன்றலாம். அப்படி இல்லை. சுட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் குளிர்விப்பதால் பலன் உண்டு. சீக்கிரம் செய்தால் நல்லது, தாமதமானாலும் வீண் இல்லை. காரணம் தோலுக்குள் நடக்கும் விஷயம். சூடான பொருளை எடுத்த பிறகும் தோலின் அடிப்பகுதியில் வெப்பம் தங்கியிருக்கும். நடுவில் ஓர் இடம் வெந்து செத்திருக்கும், அதை மீட்க முடியாது. அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அங்கே செல்கள் இன்னும் உயிரோடு இருக்கும், ஆனால் இரத்த ஓட்டம் தேங்கிப்போயிருக்கும். டக்ளஸ் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் 1953-இல் இந்த அமைப்பை விவரித்தார். இன்றைக்கும் தீக்காய சிகிச்சை, உயிரோடு இருக்கும் அந்த வளையத்தைக் காப்பாற்றுவதைச் சுற்றித்தான் நடக்கிறது. அந்த வளையம் அடுத்த இரண்டு மூன்று நாளில் பிழைக்கவும் செய்யலாம், செத்துக் காயத்தை ஆழமாக்கவும் செய்யலாம். ஓடும் தண்ணீர் அதைப் பிழைக்கும் பக்கம் தள்ளுகிறது. 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டப்பட்ட குழந்தைகளுக்குத் தோல் ஒட்டு அறுவை குறைவாகவே தேவைப்பட்டது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீர் சாதாரணக் குழாய்த் தண்ணீராக இருந்தால் போதும். ஐஸும் ஐஸ் தண்ணீரும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நாம் காப்பாற்ற நினைக்கும் அந்த வளையத்தையே பட்டினி போட்டுவிடும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வாளியில் கையை முக்கி, அவ்வப்போது தண்ணீரை மாற்றலாம், அல்லது குவளையால் விட்டுக்கொண்டே இருக்கலாம். அதுவும் முடியாத இடத்தில் ஈரத்துணி. அதைச் சூடேற விடாமல் அடிக்கடி மாற்ற வேண்டும். ஐந்து நிமிடத்திலேயே எரிச்சல் குறைந்து "போதும்" என்று தோன்றும். எரிச்சல் அடங்கினாலும் உள்ளே வெப்பம் இருக்கும், அதனால்தான் கடிகாரம் பார்க்கச் சொன்னேன்.

உங்கள் தங்கையின் படத்தில் என் கண் முதலில் போன இடம் கொப்புளம் இல்லை, மோதிரம். புறங்கையில் தோல் மெல்லியது, அதற்கடியில் நீர் கோத்துக்கொள்ள நிறைய இடம் உண்டு. சுட்ட கை மணிக்கு மணி வீங்கிக்கொண்டே போகும், ஓரிரு நாளில்தான் உச்சத்துக்கு வரும். விரல் தடித்த பிறகு மோதிரம் இறுக்கு வளையமாகி, விரல் நுனிக்குப் போகும் இரத்தத்தை நிறுத்திவிடும். இப்போது சோப்பு நுரையோடு சுழற்றினால் வந்துவிடும். கொப்புளத்தின் மேல் உரசாமல் பார்த்துக் கழற்றட்டும். வரவில்லை என்றால் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி இரண்டு நிமிடம் வைத்துவிட்டு இன்னொரு முறை பார்க்கலாம். அப்படியும் வரவில்லை என்றால் இழுத்துக்கொண்டு நிற்க வேண்டாம், மருத்துவமனையில் அதை வெட்டி எடுக்கத் தனிக் கருவி இருக்கிறது. வளையல், கைக்கடிகாரத்துக்கும் இதே விதி. தோலோடு ஒட்டிப்போன துணியை மட்டும் பிய்க்கக் கூடாது. ஒட்டாத துணியைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் வெந்நீரிலோ எண்ணெயிலோ நனைந்த துணி தோலின் மேல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சரி, செய்தியை அனுப்பியாயிற்று. அவள் பேசவில்லை என்பதை இப்போது யோசிப்போம். பெரும்பாலும் காரணம் எளியது. வலது கை சுட்டால் இடது கையால் எழுத வராது, படம் எடுப்பதுதான் சுலபம். இப்போது கை தண்ணீரில் இருந்தால் போனை எடுக்கவும் முடியாது. ஆனால் மயங்கி விழுந்திருக்கலாம், மூச்சுத் திணறிப் பேச முடியாமல் இருக்கலாம் என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. அதனால் இரண்டாவது செய்தியை ஒற்றை எழுத்தில் பதில் சொல்லும்படி அனுப்புங்கள்: "நம்பர் மட்டும் அனுப்பு. 1 வெந்நீர், 2 எண்ணெய், 3 ஆவி, 4 தீ, 5 கரண்ட், 6 கழுவும் ரசாயனம்." பத்து நிமிடத்துக்குள் எந்தப் பதிலும் இல்லை, அழைப்பும் எடுக்கப்படவில்லை என்றால் பக்கத்து வீட்டாரையோ கட்டடக் காவலாளியையோ நேரில் போய்க் கதவைத் தட்டச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்த நம்பரை நான் ஏன் இவ்வளவு முக்கியமாகக் கேட்கிறேன் என்றால், படத்தில் ஒரே மாதிரி தெரியும் காயத்துக்குப் பின்னால் வேறு வேறு கதைகள் இருக்கும். சிந்தி உடனே வழிந்து ஓடிவிட்ட வெந்நீர் பெரும்பாலும் தோலின் மேல் அடுக்குகளோடு நிற்கும். எண்ணெய் கொதிநீரைவிட மிக அதிகச் சூடு, வழியாமல் ஒட்டிக்கொள்ளும், அதனால் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் ஆழமாக இருக்கும். ஆவி என்றால் முகத்தையும் கண்ணையும் தொண்டையையும் பற்றிக் கேட்க வேண்டும். கரண்ட் என்றால் தோலில் தெரியும் அடையாளத்தை வைத்து எதையுமே முடிவு செய்யக் கூடாது. உள்ளே தசையும் இதயத் துடிப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம், ஒரு மொச்சை அளவு காயமாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இன்னும் மின்கம்பியைத் தொட்டபடி இருப்பவரை, மெயின் சுவிட்சை அணைக்காமல் யாரும் தொடக் கூடாது. குழாய் அடைப்பு நீக்கும் பொடி போன்ற ரசாயனம் என்றால் பொடியை முதலில் உலர்வாகத் தட்டிவிட்டு, தண்ணீரை 20 நிமிடத்தோடு நிறுத்தாமல் மருத்துவ உதவி கிடைக்கும் வரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி படத்துக்கு வருவோம். ஒரு படம் நம்பகமாகச் சொல்வது இரண்டே விஷயம்: காயம் எந்த இடத்தில், ஏறத்தாழ எவ்வளவு பரப்பில். இந்த இரண்டே நிறைய முடிவுகளுக்குப் போதும். பரப்பை அளக்கக் காயம் பட்டவரின் சொந்த உள்ளங்கைதான் அளவுகோல். விரல்களைச் சேர்த்து வைத்த உள்ளங்கை முழுவதும் அவருடைய உடல் பரப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். குழந்தை என்றால் குழந்தையின் கையை வைத்துத்தான் அளக்க வேண்டும், அம்மாவின் கையை வைத்து அல்ல. வெறுமனே சிவந்திருக்கும் இடத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொப்புளம் வந்ததும் தோல் உரிந்ததும் வெளுத்ததும்தான் கணக்கு. அந்தக் கணக்கில் காயம் அவருடைய கையைவிடப் பெரியது என்றால் வீட்டில் பார்த்துக்கொள்ளும் காயம் இல்லை. பெரியவர்களுக்குப் பத்துக் கையளவும் சிறு குழந்தைகளுக்கு ஐந்து கையளவும் எட்டினால் உடம்பிலிருந்து நீர் கசிந்து அதிர்ச்சி நிலைக்குப் போகலாம்; அது அவசர ஊர்தியைக் கூப்பிட வேண்டிய நிலை.

உங்கள் தங்கைக்குக் கொப்புளம் ஒன்றுதான், ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் அவளை இன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்வேன், காரணம் இடம். கை, முகம், பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் கொப்புளம் வந்தால் அளவு சின்னதாக இருந்தாலும் காட்ட வேண்டும். ஆள்காட்டி விரலுக்குக் கீழே, கணுவின் மேல் இருக்கும் தோல் ஒவ்வொரு முறை முஷ்டி மடக்கும்போதும் இழுபடும். அங்கே காயம் ஆழமாகித் தழும்பு சுருங்கினால் விரலை முழுதாக மடக்க முடியாமல் போகும்.

படம் பொய் சொல்லும் இடம் நிறம். நம்மைப் போன்ற மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் பாடப்புத்தகத்தில் சொல்லும் "சிவப்பு" கண்ணில் படாமலே போகலாம். அங்கே அது கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ, சில சமயம் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் அடர்ந்த நிறமாகவோதான் தெரியும். "சிவக்கவே இல்லை, ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடுவது இங்கேதான் நடக்கிறது. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கொப்புளம் உடைந்து மேல்தோல் உரிந்தால் அடியில் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுத்த தோலுக்கு நடுவில் அது வெளுத்துக் காட்டி, ஆழமான காயம் என்று பயமுறுத்தும். சமையலறையின் மஞ்சள் விளக்கு ஒரு நிறம் சேர்க்கும், பிளாஷ் ஒரு நிறம் கழிக்கும். எனவே நிறத்தை மட்டும் வைத்து நான் எந்தப் படத்துக்கும் தீர்ப்புச் சொல்வதில்லை.

ஒரு விஷயத்தைப் படம் காட்டவே காட்டாது, படத்தின் எல்லைக்கு வெளியே இருப்பது. ஒருமுறை எனக்கு வந்த படத்தில் முன்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். தண்ணீரில் காட்டச் சொன்னேன், அவரும் காட்டினார். அதற்குப் பிறகுதான் வேறு எங்காவது எரிகிறதா என்று கேட்டேன். சுருட்டி விட்ட சட்டைக் கைக்குள் முழங்கை மடிப்பு வரை தோல் உரிந்திருந்தது. கொதிநீர் கையோடு வழிந்து துணிக்குள் தேங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த இடத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருந்தது. அன்றிலிருந்து "வேறு எங்கே ஈரமாக இருக்கிறது, அந்தத் துணியைக் கழற்று" என்பதை முதல் கேள்வியோடு சேர்த்தே கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

20 நிமிடம் முடிந்ததும் இன்னொரு படம் கேட்கலாம், இந்த முறை பயன்படும்படி. ஜன்னல் ஓரத்தில், பிளாஷ் இல்லாமல், மறு கையின் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்து, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தெரியும்படி ஒன்று. நெருக்கத்தில் ஒன்று. அதோடு ஒரு சின்ன வீடியோ: கழுவிய விரலால், தோல் உரியாத சிவந்த பகுதியை ஒரு நொடி அழுத்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அழுத்திய இடம் வெளுத்து இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வந்தால் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, காயம் மேலோட்டமானது என்று எடுத்துக்கொள்ளலாம். மெதுவாக வந்தாலோ, வெளுக்கவே மாட்டாமல் திட்டுத் திட்டாகச் சிவப்பு அப்படியே நின்றாலோ ஆழம் அதிகம். தோல் ரொம்பக் கறுப்பாக இருந்தால் இந்தச் சோதனை சரியாகத் தெரியாது. அங்கே உணர்ச்சியைக் கேட்பதே மேல்.

உணர்ச்சி விஷயத்தில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "வலிக்கவே இல்லை" என்று பதில் வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மேலோட்டமான காயம் காற்றுப் பட்டாலே எரியும். நரம்பு முனைகள் வரைக்கும் வெந்துபோன இடம்தான் மரத்துப்போய், வெள்ளையாகவோ மெழுகு போலவோ பழுப்பாகவோ விறைத்து, தொட்டால் பதனிட்ட தோல் போல இருக்கும். அப்படி ஓர் இடம், அது எவ்வளவு சின்னதானாலும், மருத்துவர் பார்க்க வேண்டியது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே கால் மரத்துப்போனவர்களுக்கு வலியை அளவுகோலாக வைக்கவே முடியாது, அவர்களுடைய பாதக் காயம் எதுவானாலும் காட்ட வேண்டும்.

குளிர்வித்த பிறகு மூட வேண்டும். உணவை மூடி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் நல்ல உறை. சுருளின் முதல் சுற்றை எறிந்துவிட்டு, அடுத்ததிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் காயத்தின் மேல் படிய வைக்கலாம். கையைச் சுற்றி இறுக்கிக் கட்டக் கூடாது, வீங்கும்போது அதுவும் மோதிரம் மாதிரி ஆகிவிடும். கைக்கு அதைவிட எளிது சுத்தமான பிளாஸ்டிக் பை, அதற்குள் கையை விட்டு மணிக்கட்டில் தளர்வாக ஒட்டிவிட்டால் போதும். இரண்டும் இல்லை என்றால் நூல் பிரியாத சுத்தத் துணி. பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். பற்பசை, வெண்ணெய், மாவு, மை எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியதற்குக் காரணம், அவை சூட்டை அடைத்து வைக்கும், கிருமியைக் கொண்டுவரும். அப்புறம் மருத்துவர் ஆழம் பார்ப்பதற்கு அவற்றை வலிக்க வலிக்கக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். வலிக்கு அட்டையில் சொன்ன அளவில் பாராசிட்டமால் போடலாம். கையைத் தொங்கவிடாமல் தலையணை மேல் உயர்த்தி வைத்து, விரல்களை மணிக்கு ஒருமுறை மெல்ல மடக்கி நீட்டட்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டாள் என்று மருத்துவரிடம் சொல்லத் தயாராக இருக்கட்டும்.

குழந்தைகளோ வயதானவர்களோ என்றால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: காயத்தைக் குளிர்விக்க வேண்டும், ஆளைக் குளிரவிடக் கூடாது. காயத்தின் மேல் மட்டும் தண்ணீர், மீதி உடம்புக்குப் போர்வை. உடல் நடுங்கத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்ட பயம். உடனே அவசர ஊர்தியைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள் இவை: முகத்தில் ஆவியோ தீயோ பட்டு, குரல் கம்மிப்போனாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டமானாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, இருமலில் கரி வந்தாலோ தொண்டை உள்ளே வீங்குகிறது என்று அர்த்தம். அது ஒரு மணி நேரத்தில் மோசமாகலாம். வெளிறிப்போய், வியர்த்து, குழப்பமாகப் பேசினாலும் காத்திருக்கக் கூடாது. கையில் என்றால் விரல் நுனியைக் கவனியுங்கள். காயம் விரலையோ மணிக்கட்டையோ முழுச் சுற்றாக வளைத்திருந்து, நுனி வெளுத்தோ நீலம் பாரித்தோ சில்லிட்டோ மரத்தோ போனால், நகத்தை அழுத்தி விட்ட பிறகு நிறம் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆனால், அந்த விரலுக்கு இரத்தம் போகவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை விட முடியாது.

மற்ற அறிகுறிகள் நாட்கள் கழித்து வருபவை, பலரும் தவறவிடுவது இவற்றைத்தான். குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று கூடுவது, காயத்தைச் சுற்றிச் சிவப்போ வெப்பமோ பரவுவது, நாற்றம், சீழ், காய்ச்சல். இதில் சிறு குழந்தைகளுக்கென்று தனியாக ஒன்று உண்டு. சின்னக் காயம்தான், பார்க்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, சோர்ந்து கிடப்பது. காயத்தில் வளரும் கிருமியின் நச்சு இரத்தத்தில் கலப்பதால் வருவது அது, உயிருக்கே ஆபத்தானது. காயத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது, குழந்தையைத்தான் பார்க்க வேண்டும். "வைரல் காய்ச்சலாக இருக்கும்" என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொள்ளாமல், தீக்காயம் பட்டதை வாயைத் திறந்து சொல்லி மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

உங்கள் தங்கையின் காயம் இப்போது படத்தில் தெரிவதைப் போலவே மேலோட்டமாக நின்றுவிட்டால் இரண்டு வாரத்துக்குள் மூடிவிடும். ஆனால் நான் முதலில் சொன்ன, பிழைக்கவோ சாகவோ கூடிய அந்த வளையம் காரணமாக, முதல் நாள் படத்தை வைத்து ஆழத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாவது நாள் கட்டு மாற்றும்போது அதே ஜன்னலோரத்தில், அதே கையைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதல் படத்தோடு சேர்த்துப் பாருங்கள். கொப்புளத்தின் அடியில் இளஞ்சிவப்பாக ஈரமாக இருந்த இடம் வெளுத்தோ உலர்ந்தோ போயிருந்தால், அந்த இரண்டு படத்தையும் காட்டி மருத்துவரைக் கேட்கட்டும்.